காலையில் தொண்டையில் கட்டும் சளி: எங்கிருந்து வருகிறது?

சுப்ஹு நேரத்தில் எழுந்ததும் தொண்டையில் பசை போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். செருமினால் வராது, விழுங்கினால் இறங்காது. நம் வீடுகளில் பெரியவர்கள் பலர் அரை மணி நேரம் காறிக் காறி அவதிப்படுவதைப் பார்க்கிறோம். உடனே "நெஞ்சில் சளி கட்டிவிட்டது" என்று மருந்துக் கடையில் இருமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் வாங்கிவிடுகிறோம். ஆனால் காலையில் மட்டும் வரும் இந்தச் சளி பெரும்பாலும் நெஞ்சிலிருந்து வருவதில்லை. மேலே மூக்கிலிருந்து இறங்குகிறது, அல்லது கீழே வயிற்றுப் புளிப்பால் உண்டாகிறது. எது என்று தெரிந்துகொண்டால்தான் சரியான வழி கிடைக்கும்.

முதலில் மூக்கு. மூக்கு நாள் முழுவதும் நீர் சுரக்கிறது. பகலில் அதை அறியாமலே விழுங்கிவிடுகிறோம். தூங்கும்போது விழுங்குவது குறைந்து, அது தொண்டையின் பின்பக்கம் தேங்குகிறது. மூக்கடைப்பால் வாய் வழியாக மூச்சு விட்டால் அது காய்ந்து கெட்டியாகிறது. காலையில் தொடர் தும்மல், மூக்கு அரிப்பு, வாய் வறட்சி இருந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். தலையணைத் தூசியும் மின்விசிறி இறக்கையில் படிந்த தூசியும் இதைத் தூண்டும். இரவு முழுவதும் தேங்கிய சளி சற்று மஞ்சளாக இருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டாம்.

இரண்டாவது வயிறு. உதாரணத்துக்கு ஒரு கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்குக் கடையடைத்து, பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, 11 மணிக்குப் படுக்கிறார். படுத்தவுடன் வயிற்றின் அமிலம் மேலேறித் தொண்டையைத் தொடுகிறது. தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளப் பிசுபிசுப்பான சளியைச் சுரக்கிறது. அவருக்கு நெஞ்செரிச்சலே இல்லாமலும் இருக்கலாம். காலையில் குரல் கம்முவது, புளித்த ஏப்பம், தொண்டையில் உருண்டை இருப்பது போன்ற உணர்வு, ஆனால் மூக்கடைப்பு இல்லை: இவைதான் அடையாளங்கள். அவர் எட்டு மணிக்கே கடையில் சாப்பிட்டுவிடலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து அரை அடி உயர்த்தலாம். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அமிலம் இன்னும் ஏறும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ரமலானில் ஸஹர் சாப்பிட்டதும் படுப்பவர்களுக்கும் இதே தொல்லை வரும்.

காரணம் எதுவானாலும் பலமாகக் காற வேண்டாம். காறும்போது குரல் நாண்கள் உரசி வீங்குகின்றன. வீங்கிய இடம் மேலும் சளி சுரக்கிறது. அதற்குப் பதில் எழுந்ததும் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரை மெல்ல மெல்லக் குடியுங்கள். பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல "ஹா" என்று இரண்டு மூன்று முறை மூச்சை விட்டு, எச்சிலை விழுங்குங்கள். ஒரு தம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து கொப்பளிப்பதும் நல்லது.

மூக்குச் சளிக்கு, உளூவில் மூக்குக்குச் செலுத்தும் நீர் பின்பகுதி வரை எட்டாது. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர் மூக்குச் சொட்டு போதும். கழுவும் குப்பியால் மூக்கைக் கழுவுவோர் கொதிக்க வைத்து ஆற்றிய நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். குழாய் நீர் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குச் செல்வது அரிது என்றாலும் உயிருக்கே ஆபத்து. தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். ஆவி பிடிக்கும் சட்டியைக் குழந்தைகள் அருகே வைக்க வேண்டாம். வெந்நீர் கவிழ்ந்து சுட்டுவிடும்.

புகைப்பவர்களுக்குக் காலைச் சளி நெஞ்சிலிருந்தே வரலாம். அவர்கள் மருத்துவரிடம் நுரையீரலைப் பரிசோதிக்க வேண்டும். யாராக இருந்தாலும், இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மாலையில் காய்ச்சல், எடை குறைவு, சளியில் இரத்தம் இவற்றில் ஒன்று இருந்தால், தாமதிக்காமல் அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்யுங்கள். அது இலவசம். காலையில் ஆழமாக இருமி வரும் சளியைக் கொடுங்கள். வெறும் எச்சிலைக் கொடுத்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். விழுங்கவே சிரமம், பல வாரம் மாறாத குரல் கம்மல், கழுத்தில் கட்டி இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.