பொட்டாசியம் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்: புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, பகலில் ஒரே அசதி என்று சொன்னால், “பொட்டாசியம் குறைஞ்சிருக்கும்” என்று சொல்ல வீட்டிலேயே ஒருவர் இருப்பார். இணையத்தில் தேடினால் அமெரிக்கத் தயாரிப்பு டப்பாக்கள் வரிசையாக வருகின்றன. எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஒரு மாத்திரைக்கு 99 மி.கி. என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றிலேயே ஏறக்குறைய 400 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. இதைப் படித்தவர், இவ்வளவு சின்ன மாத்திரையில் என்ன ஆகிவிடப் போகிறது, ஐந்தாறு சேர்த்தே போடலாம் என்று நினைப்பது இயல்பு.

சிறுநீரகம் நன்றாக இருந்து, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடாதவருக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சில வகை பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு அதே பழக்கம் இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை டப்பாவைத் திறப்பதற்கு முன் கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: டப்பாவில் சரியான எண்ணைப் பாருங்கள்

பொட்டாசியம் தனியாக மாத்திரையில் இருக்காது. குளுக்கோனேட், சிட்ரேட், குளோரைடு என்று ஏதாவது ஒரு உப்பாகத்தான் இருக்கும். சில டப்பாக்களின் முன்பக்கத்தில் ‘பொட்டாசியம் குளுக்கோனேட் 595 மி.கி.’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது முழு உப்பின் எடை. அதில் உள்ள பொட்டாசியம் 99 மி.கி. மட்டுமே. பின்பக்க அட்டவணையில் ‘பொட்டாசியம்’ என்ற வரிக்கு நேரே உள்ள எண்ணைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்தில் கணக்கு வேறு மாதிரி, ‘மில்லி ஈக்குவலென்ட்’ என்று வரும். ஒரு மில்லி ஈக்குவலென்ட் என்பது 39 மி.கி. பொட்டாசியம். பொட்டாசியம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் குளோரைடு சிரப்பில் 15 மி.லி.க்கு 20 மில்லி ஈக்குவலென்ட், அதாவது 780 மி.கி. இருக்கும். அந்த 99 மி.கி. மாத்திரையைப் போல எட்டு மடங்கு. “அவருக்கு எழுதின சிரப்தானே, எனக்கும் கால் இழுக்குது” என்று பக்கத்து வீட்டு பாட்டிலிலிருந்து ஊற்றிக் குடிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

படி 2: அது ஏன் 99-ல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1960-களில், நீர் பிரியும் மருந்தோடு பொட்டாசியம் குளோரைடையும் சேர்த்து, குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்ட மாத்திரைகள் புழக்கத்தில் இருந்தன. அவை சிறுகுடலில் ஒரே இடத்தில் கரைந்து, அடர்த்தியான உப்பை அங்கேயே கொட்டின. பலருக்குக் குடலில் புண் வந்தது, சிலருக்குக் குடல் சுருங்கி அடைத்துக்கொண்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, வாய்வழிப் பொட்டாசியம் குளோரைடு மருந்துகளில் 99 மி.கி.க்கு மேல் பொட்டாசியம் இருந்தால் அவற்றில் சில ஆபத்தானவை என்ற நிலைப்பாட்டை அமெரிக்க மருந்து நிர்வாகம் எடுத்தது. சத்து மாத்திரைகளுக்கென்று அப்படி ஒரு சட்ட உச்சவரம்பு இல்லை. ஆனாலும் தயாரிப்பாளர்கள் வம்பு வேண்டாம் என்று அந்த எல்லைக்குள்ளேயே நின்றுகொண்டார்கள்.

ஆக, 99 என்பது உடலின் தேவையைக் கணக்கிட்டு வைத்த அளவு இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 3,510 மி.கி. அதற்கு முன் 99 மி.கி. ஒரு துளி. சாதம், பருப்பு, கீரை, காய், பழம் என்று சாப்பிடுகிறவருக்கு இந்த மாத்திரையால் சொல்லும்படி எதுவும் கூடப்போவதில்லை என்பதே என் கருத்து. உண்மையிலேயே பொட்டாசியம் குறைந்துவிட்டவருக்கோ இது போதாது. அவருக்கு மருத்துவர் அளவு சொல்லித் தரும் மருந்து வேண்டும்.

மருத்துவர் கண்ணில் படாமல் கடையில் வாங்குவது இந்தச் சிறிய அளவில் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. வாங்குகிறவரின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியாது, பல நேரம் வாங்குகிறவருக்கே தெரியாது.

படி 3: பொட்டாசியம் எப்படி வெளியேறுகிறது என்று பாருங்கள்

உடலில் உள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள்ளே இருக்கிறது. செல்களுக்கு வெளியே, ரத்தத்தையும் சேர்த்து, இருப்பது ஏறக்குறைய இரண்டு கிராம்தான். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் அது நிற்க வேண்டும். இதயத் தசையின் மின்னோட்டம் அந்த அளவை நம்பித்தான் ஓடுகிறது.

நாம் ஒரே நாளில் மூன்று கிராம் சாப்பிட்டும் இந்த அளவு குலையாமல் இருக்கக் காரணம் சிறுநீரகம். சாப்பிட்டதில் பத்தில் ஒன்பது பங்கை அதுதான் வெளியேற்றுகிறது. வெளியேற்றச் சொல்லி உத்தரவிடுவது அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். மேல்தொட்டி நிரம்பினால் வழிந்தோட ஒரு குழாய் வைத்திருப்போமே, இந்த ஏற்பாடும் அதுதான். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதைவிட, அந்தக் குழாய் திறந்திருக்கிறதா என்பதே முக்கியம். சில பிரஷர் மாத்திரைகள் பாதி அடைப்பது அந்தக் குழாயைத்தான்.

படி 4: உங்கள் பிரஷர் மாத்திரை எது என்று கண்டுபிடியுங்கள்

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதைப் படியுங்கள்.

பெயர் ‘சார்டன்’ என்று முடிந்தால் (டெல்மிசார்டன், லோசார்டன், ஓல்மெசார்டன்), அல்லது ‘பிரில்’ என்று முடிந்தால் (எனலாபிரில், ராமிபிரில்), அது ஆல்டோஸ்டிரோனைக் குறைக்கும் மருந்து. பிரஷருக்கும், சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து. பக்கவிளைவாக, பொட்டாசியம் வெளியேறுவது குறையும்.

ஸ்பைரோனோலாக்டோன், எப்ளெரெனோன், அமிலோரைடு என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பொட்டாசியத்தை உடலிலேயே நிறுத்திவைப்பது இவற்றின் வேலை. கவனம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் சாட்சி. ஸ்பைரோனோலாக்டோன் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று 1999-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. உடனே அங்கே ‘பிரில்’ மருந்தில் இருந்த வயதான நோயாளிகளுக்கு இதையும் சேர்த்து எழுதுவது வேகமாகக் கூடியது. அப்படிப்பட்ட நோயாளிகளில் பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-ல் ஆயிரத்துக்கு 11 பேர். மருந்து கெட்டதல்ல. ஆய்வில் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த கவனமும், ரத்தத்தை அடிக்கடி பார்த்த கவனமும் வெளியே வந்தபோது குறைந்துபோயின.

அம்லோடிபின் மட்டும் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதற்கும் பொட்டாசியத்துக்கும் சம்பந்தமில்லை. ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், ஃப்ரூசமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரைகள் பொட்டாசியத்தைக் குறைப்பவை. ஆனால் ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து சேர்ந்து வருவது இன்று சாதாரணம். டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்திருந்தால் ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும். உங்கள் உடலில் எது ஜெயிக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

படி 5: ஒளிந்திருக்கும் பொட்டாசியத்தைக் கூட்டிப் பாருங்கள்

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 64 வயது அம்மா. பல வருடமாகச் சர்க்கரை. பிரஷருக்கு டெல்மிசார்டன். கிரியேட்டினின் 1.5. “கொஞ்சம்தான் கூட இருக்கு” என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இந்த வயதுப் பெண்ணுக்கு 1.5 என்றால் சிறுநீரக வடிகட்டும் திறன் 38 அளவில்தான் இருக்கிறது என்று அர்த்தம். 60-க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்தாலே அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

கால் இழுக்கிறது என்று மகன் பொட்டாசியம் மாத்திரை வாங்கித் தருகிறார். தினம் இரண்டு, 198 மி.கி. எல்லோர் கண்ணிலும் படுவது இது மட்டும்தான்.

பிரஷருக்கு நல்லது என்று சமையலில் சோடியம் குறைந்த உப்புக்கு மாறியிருக்கிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. 30 சதவீதம் கலந்த உப்பை நாளுக்கு ஐந்து கிராம் சாப்பிட்டால் அதிலிருந்து மட்டும் ஏறக்குறைய 785 மி.கி. பொட்டாசியம் போகிறது. வெயிலுக்கு தினம் ஒரு இளநீர்: குறைந்தது 400 மி.கி. நீர்க்கடுப்புக்கு வாங்கிவைத்த பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பில் 5 மி.லி.க்கு 1,100 மி.கி. உப்பு என்று போட்டிருந்தால், அதில் பொட்டாசியம் 400 மி.கி. பத்து மி.லி. குடித்தால் 800.

சாப்பாட்டுக்கு மேலே இரண்டு கிராமுக்கு அதிகமாகச் சேர்ந்துவிட்டது. அதில் மாத்திரையின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. இதற்கு நடுவே முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக் ஒரு வாரம். அந்த வலி மாத்திரையில் பொட்டாசியம் மிகக் கொஞ்சம்தான் இருக்கும், சில வகைகளில் இருக்கவே இருக்காது. ஆனால் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, பாதி அடைத்திருந்த குழாயை இன்னும் அடைக்கிறது. நீர்த்தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் வேறு வழியில் அந்தக் குழாயை அடைக்கும்.

இந்த அம்மாவுக்குக் கால் இழுப்பதற்குப் பொட்டாசியக் குறைவு காரணமாக இருக்கவே வாய்ப்பு குறைவு. டெல்மிசார்டனும், தளர்ந்த சிறுநீரகமும் அதை ஏற்றத்தான் பார்க்கும்.

சோடியம் குறைந்த உப்பு எல்லோருக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. சீனக் கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில் அது பக்கவாதத்தைக் குறைத்தது. அந்த ஆய்வில் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தை நிறுத்திவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களையும் சேர்க்கவில்லை. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை அவர்களுக்கானதுதான்.

படி 6: வாங்குவதற்கு முன் ரத்தம் பாருங்கள்

கேட்க வேண்டியவை இரண்டு: ‘எலக்ட்ரோலைட்ஸ்’, ‘கிரியேட்டினின்’. சார்டன் அல்லது பிரில் வகை மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினாலும், அளவைக் கூட்டினாலும், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இவற்றைப் பார்ப்பது வழக்கம். ஸ்பைரோனோலாக்டோன் என்றால் இன்னும் சீக்கிரம்.

ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி மூடி மூடித் திறந்தாலோ, மாதிரி நெடுநேரம் கிடந்து ரத்த அணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் பொய்யாக ஏறித் தெரியும். எதிர்பாராத எண் வந்தால் மருத்துவர் மறுபடி எடுக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் ‘பொய்யாகத்தான் இருக்கும்’ என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

படி 7: எண் ஏறியிருந்தால்

இந்த ஆபத்தின் கொடுமையே, பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் ஏறுவதுதான். சிலருக்குத் தொடை, கை தளர்ந்துபோகும், நாடி மெதுவாகும், படபடப்பு வரும், தலை சுற்றும். முதல் அறிகுறியே துடிப்பு நிற்பதாகவும் இருக்கலாம்.

5.5-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். பொட்டாசியம் மாத்திரை, மாற்று உப்பு, சிட்ரேட் சிரப், கடையில் வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதா, மாற்றுவதா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. வாந்தி, வயிற்றுப்போக்கில் உடல் வறண்ட நாட்களில் அந்த மாத்திரையைப் போடுவதா என்பதையும் முன்கூட்டியே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

6-ஐத் தாண்டியிருந்தாலோ, எண் எதுவாக இருந்தாலும் தளர்ச்சியோ படபடப்போ இருந்தாலோ, உடனே ஈ.சி.ஜி. வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே கால்சியம் ஊசி போட்டு இதயத்தைக் காத்துக்கொண்டு, இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றிப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுவார்கள், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சிரப் பாட்டிலையும், சமையல் உப்புப் பாக்கெட்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். என்ன உப்பு சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்காவிட்டாலும், அந்தப் பாக்கெட்டை நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.