தங்கத்தை வெள்ளியாக்க எந்த விகிதத்தில் இறங்கலாம்?

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் தீபாவளி போனஸ் வந்ததும் அதில் ஒரு பங்கு நகைக்கடைக்குப் போவது வழக்கம். ‘தங்கம் ஏறிவிட்டது, வெள்ளிக்கு மாறலாமா?’ என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்க-வெள்ளி விகிதம்.

ஒரு கிராம் தங்கத்தின் விலைக்கு எத்தனை கிராம் வெள்ளி கிடைக்குமோ, அதுதான் விகிதம். கடைப் பலகையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஒரு பிசகு வரும். அங்கே பெரிதாக எழுதியிருப்பது 22 கேரட் விலை. அது கிராமுக்கு 9,160 ரூபாய், வெள்ளி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நேராக வகுத்தால் 91.6 வரும். 24 கேரட் விலையான 10,000-ஐ வைத்து வகுத்தால்தான் சரியான விகிதமான 100 கிடைக்கும்.

விகிதம் உச்சத்தில் இருந்தால் வெள்ளி மலிவு என்று வியாபாரிகள் தங்கத்தை விட்டு வெள்ளிக்குப் போவார்கள். இறங்கியதும் தங்கத்துக்குத் திரும்புவார்கள். ரூபாய் லாபத்தைவிடக் கையில் தங்கம் எத்தனை கிராம் கூடியது என்பதே அவர்கள் கணக்கு. 100 கிராம் தங்கத்தை விகிதம் 100-இல் மாற்றினால் 10 கிலோ வெள்ளி. விகிதம் 70-க்கு வந்ததும் திருப்பினால் சுமார் 143 கிராம் தங்கம்.

இது செலவில்லாத கணக்கு. விற்கும்போது கடை 2 சதவீதம் பிடிக்கிறது, வாங்கும்போது 3 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றால், போய்வர இரண்டு மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கு கரையும். 143 கிராம் 129 ஆகும். விகிதம் 90-க்குக் கீழே இறங்காவிட்டால் மாறியதே வீண். இதெல்லாம் கட்டிக்கும் நாணயத்துக்கும்தான். கொலுசு, குத்துவிளக்கு வாங்கினால் செய்கூலி, சேதாரத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும். 2022 முதல் நம் நாட்டில் கிடைக்கும் வெள்ளி ஈ.டி.எஃப்.பில் இந்தச் செலவு மிகக் குறைவு. ஆனால் லாபத்துடன் விற்கும் ஒவ்வொரு முறையும் வரி உண்டு. 12 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்துவிடும்.

பெரிய ஆபத்து காத்திருப்பில் இருக்கிறது. ‘80-ஐத் தாண்டினால் வெள்ளிக்கு மாறு’ என்பது பழைய சூத்திரம். 2018-இல் அதை நம்பி மாறியவர்கள், 2020 மார்ச்சில் கொரோனா பீதியில் விகிதம் 120-ஐத் தாண்டியதைப் பார்த்தார்கள். கிராம் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் விகிதம் 70-களுக்கு இறங்கியது. பொறுத்தவர்கள் மீண்டார்கள், வீட்டுத் தேவைக்கு இடையில் விற்றவர்கள் மீளவில்லை. 2025 ஏப்ரலில் மறுபடி 100-ஐத் தாண்டியது. எது உச்சம் என்பது அது கடந்த பிறகுதான் தெரிகிறது.

அதனால் அனுபவசாலிகள் மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. 85-இல் ஒரு பங்கு, 95-இல் ஒரு பங்கு, 105-இல் ஒரு பங்கு என்று பிரித்துப் போவார்கள், திரும்புவதும் அப்படியே. மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் தங்கத்தை இதில் இறக்க மாட்டார்கள்.