தாமதக் கட்டணம் நீங்கியது

சிற்றுண்டிக் கடை நடத்தும் மாது ஒருவர், மாவு விநியோகிப்பாளருக்கு மார்ச் 15ஆம் தேதிக்குள் தரவேண்டிய 420 வெள்ளியை 21ஆம் தேதிதான் செலுத்தினார். மாதக் கணக்கு அறிக்கையில் 20 வெள்ளி தாமதக் கட்டணம் சேர்ந்திருந்தது. அவர் இவ்வாறு மின்னஞ்சல் அனுப்பினார்:

“ஐயா, மார்ச் மாதப் பணத்தை ஆறு நாள் தாமதமாகச் செலுத்தியது என் தவறுதான். என் தாயார் மருத்துவமனையில் இருந்ததால் தேதியைக் கவனிக்கவில்லை. முழுத் தொகையையும் செலுத்திவிட்டேன், பற்றுச்சீட்டை இணைத்துள்ளேன். இம்முறை மட்டும் 20 வெள்ளி தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய இயலுமா?”

பாக்கியை வைத்துக்கொண்டு கேட்டிருந்தால், விநியோகிப்பாளர் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். மறுநாளே சம்மதம் தெரிவித்துப் பதில் வந்தது. ஆயினும், ஏப்ரல் மாத அறிக்கையில் அந்த 20 வெள்ளி கழிக்கப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே அவர் மின்னஞ்சலைக் கோப்பில் வைத்தார்.