ஆர்கானிக், கோம்டு, நீண்ட இழை: மூன்றும் ஒன்றல்ல

காந்திபுரம் கடைகளில் சட்டை, படுக்கை விரிப்பு உறைகளில் இம்மூன்று சொற்களும் இருக்கும். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை என்பதை வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்வது நல்லது.

நீண்ட இழை என்பது பஞ்சின் நீளம். நம் நாட்டில் 27.5 முதல் 32 மி.மீ. வரையுள்ளதை நீண்ட இழை என்பர். இங்கு விளையும் பஞ்சில் பெரும்பகுதி இதில் அடங்குவதால் இது தனிச்சிறப்பு அன்று. அதற்கும் மேலானது மிக நீண்ட இழை. கோவையில் உருவாகி 1974-ல் வெளியான சுவின் ரகம் அவ்வகை.

கோம்டு என்பது ஆலையில் நடக்கும் வேலை. பஞ்சைச் சீவிக் குட்டை இழைகளை நீக்குவர். 100 கிலோவில் சுமார் 15 கிலோ கழியும். விலை கூடுவது இதனால்தான். சீவாத கார்டட் நூலில் குட்டை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும்; சில சலவைக்குப்பின் துணியில் சிறு உருண்டைகள் எழும். புதுத்துணியில் மெருகு இதை மறைக்கும் என்பதால், மாதிரியைத் துவைத்துப் பார்த்து வாங்குவோம்.

ஆர்கானிக் என்பது சாகுபடி முறை. கண்ணால் அறிய முடியாது. ஜி.ஓ.டி.எஸ். முத்திரையில் 'ஆர்கானிக்' என்றால் குறைந்தது 95 சதம். 'ஆர்கானிக் கொண்டு செய்தது' என்றால் 70 சதம். உடன் சான்றளித்த நிறுவனமும் உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் இரு விரிப்புகளைக் காட்டுகிறார் என்போம். ஒன்று ஆர்கானிக், கார்டட். மற்றது சாதாரணப் பஞ்சு, கோம்டு. மென்மை கேட்டால் இரண்டாவது. ரசாயனமில்லாச் சாகுபடி கேட்டால் முதலாவது. மொத்த வியாபாரியிடம் எச்சொல்லையும் பில்லில் எழுதி வாங்குவோம்.