துருப்பிடிக்கும் பேட்டரி!

மதுரையில் என் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வாங்கியபோது, அது எத்தனை நிமிடம் தாங்கும் என்றுதான் கேட்டேன். மின்வாரியத்தின் கேள்வி வேறு: எத்தனை நாள்?

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் உள்ளது. வடகிழக்குப் பருவமழையில் வானம் நாட்கணக்கில் மூடினால் உற்பத்தி குறையும். ஆரல்வாய்மொழிக் காற்றின் சீசனும் அதற்குள் முடிந்துவிடும். அப்போது கைகொடுக்கக்கூடியது இரும்பு-காற்று பேட்டரி.

இது மின்சாரம் தரும்போது இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத் துருவாகிறது. சார்ஜ் செய்தால் துரு மீண்டும் இரும்பாகிறது. அப்போது சிறிதளவு மின்சாரம் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் குமிழிகளாக வீணாகிறது. மற்ற இழப்புகளும் சேர, போட்டதில் பாதிகூடத் திரும்பாது. அமெரிக்காவின் ஃபார்ம் எனர்ஜி இதை 100 மணி நேரம் மின்சாரம் தருமாறு வடிவமைத்துள்ளது.

பாதி வீணானால் லாபமா? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு யூனிட் சேமிக்க லித்தியத்துக்கு ரூ.10,000, இரும்புக்கு ரூ.1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10 முறை வீதம் 10 ஆண்டில் 100 முறை பயன்படும். ஒரு யூனிட்டுக்கு பேட்டரிச் செலவு லித்தியத்தில் ரூ.100, இரும்பில் ரூ.15.

சார்ஜ் செய்யும் மின்சாரம் யூனிட் ரூ.3 எனில், லித்தியத்துக்கு 1.1 யூனிட், அதாவது ரூ.3.30. இரும்புக்கு 2.5 யூனிட், ரூ.7.50. மொத்தம் ரூ.103.30-க்கு எதிராக ரூ.22.50!

இதையே 3,000 முறை பயன்படுத்தினால் லித்தியம் ரூ.6.63, இரும்பு ரூ.8. ஆகவே தினசரி வேலைக்கு லித்தியம். எப்போதாவது வரும் இருண்ட வாரத்துக்கு இரும்பு. உங்கள் யு.பி.எஸ்.ஸுக்கு இது ஒத்துவராது. மெதுவாகத்தான் மின்சாரம் தரும், இடமும் அதிகம் பிடிக்கும்.