வாங் ஆசிரியருக்கு ஒரு வசந்த வாழ்த்து

தலதா மாளிகைக்குச் சீனப் பயணிகளை அழைத்துப் போகும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு இது. பயணம் முடிந்து ஊர் திரும்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வீசாட்டில் புத்தாண்டு வாழ்த்து அனுப்பப் போகிறீர்கள். அவர் குடும்பப் பெயர் வாங் என்றும், விடுமுறைக்கு மகள் வீட்டுக்குப் புறப்படுகிறார் என்றும், அவருக்குத் தேயிலைப் பொதி ஒன்றும் அனுப்பியிருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

```
亲爱的老王：你们好！
春节快乐！祝你寿比南山，一路走好！
这是锡兰红茶，你要收下。
```

இதில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் அனுப்பக் கூடாது.

1. முதலில் விளிப்பைப் பாருங்கள். குடும்பப் பெயருக்கு முன்னால் 'லாவ்' போட்டு 'லாவ் வாங்' என்பது ஒத்த வயதுத் தோழர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் முறை. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் மாஸ்டர், டீச்சர் என்று சேர்ப்பது போலவே அங்கும் பதவி பின்னால்தான் வரும்: வாங் லாவ்ஷீ, அதாவது 王老师. முன்னால் நிற்கும் 亲爱的 பாசமாக நெருங்கிப் பேசும் சொல். பழகிச் சில நாளே ஆன பெரியவருக்கு ஒட்டாது. 尊敬的, 'மதிப்புக்குரிய' என்பதே பொருந்தும். முழுப்பெயரை மட்டும் எழுதிக் கூப்பிடுவது வகுப்பில் வரவு எடுப்பதுபோல் இருக்கும்.

2. தமிழ் வாய்க்கென்றே அமைந்த பிழை ஒன்று உண்டு. நமக்கு 'நீங்கள்' என்பது பன்மையும் மரியாதையும் ஒன்றாகச் சேர்ந்தது. அதனால் மரியாதை கொடுக்கிறோம் என்று 你们 எழுதிவிடுகிறோம். சீனத்தில் அது வெறும் 'பலர்'. தனியே இருக்கும் மனிதர் இன்னும் யாரைச் சொல்கிறான் என்று பார்ப்பார். ஒருவரை மதித்துச் சொல்ல 您, 'நின்'. சாதாரண 你 எழுத்தின் கீழே இதயம் என்ற எழுத்து 心 நிற்கும். விசைப்பலகையில் ni என்று தட்டினால் 你 தான் முதலில் வரும். Nin என்று முழுதாகத் தட்ட வேண்டும். ஆரம்பத்தில் 您 வைத்துவிட்டு நடுவில் 你 க்கு நழுவுவதுதான் அதிகம் நடப்பது. அனுப்புமுன் ஒவ்வொன்றிலும் கீழே இதயம் இருக்கிறதா என்று பாருங்கள். கணவன் மனைவி இருவருக்கும் எழுதினால் 您们 வேண்டாம், 您二位 என்பதே முறை.

3. நாலெழுத்து வாழ்த்துத் தொடர்களைப் பொருள் தெரிந்துகொண்டு மட்டும் எடுக்காதீர்கள், எந்தச் சந்தர்ப்பத்துக்குரியது என்றும் கேளுங்கள். 寿比南山 தென்மலையைப் போல் நீண்ட ஆயுளை வேண்டுவது. முதியவரின் பிறந்த நாளுக்குரியது. புத்தாண்டில் வந்தால், தன் பிறந்த நாளைத் தப்பாகக் குறித்துவைத்திருக்கிறான் என்று நினைப்பார். கடைசியில் நிற்கும் 一路走好 தான் ஆபத்து. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வழியெல்லாம் நன்றாகப் போய் வாருங்கள்'. இன்று சீனர் அதை அதிகம் சொல்வது இறந்தவருக்கு விடை கொடுக்கும்போது. உயிரோடு பயணம் போகிறவருக்கு 一路平安. 恭喜发财 பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிழையில்லை, ஆனால் அது செல்வம் பெருக வாழ்த்துவது. கடைக்காரருக்கு அனுப்புங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு உடல்நலமும் குடும்ப நலமும் போதும்.

4. 你要收下 என்பது 'வாங்கியே ஆக வேண்டும்' என்ற கட்டளை. கொடுப்பவர் தன் பொருளைச் சிறிதாக்கிச் சொல்வது அவர்கள் வழக்கம். 一点 என்றால் 'கொஞ்சம்'; 敬请笑纳 என்றால் 'சிரித்தபடி ஏற்றுக்கொள்ளுங்கள்', இப்படி அற்பமான பொருளா என்று சிரித்தாலும் சரி என்ற தாழ்மை அதில் இருக்கிறது. இது கொடுப்பவர் வாயில் மட்டும் வர வேண்டியது. அவர் ஏதாவது அனுப்பினால் 'நான் 笑纳 செய்தேன்' என்று பதில் எழுதிவிடாதீர்கள், பொருள் தலைகீழாகிவிடும்.

5. திருத்திய வடிவம்:

```
尊敬的王老师：
　　您好！春节将至，祝您身体健康，阖家幸福，一路平安！
　　寄上一点锡兰红茶，敬请笑纳。
　　　　　　　　　　晚辈 ×× 敬上
```

விளிப்புத் தனி வரியில், இடது ஓரத்தில் நிற்கும். அடுத்த வரி இரண்டு எழுத்து உள்தள்ளி. 晚辈 என்றால் 'இளையவன்'. அவரிடம் நீங்கள் படித்திருந்தால் 学生. ×× இடத்தில் உங்கள் பெயர். 此致 敬礼 என்ற பழைய முடிவுரை காகிதக் கடிதத்துக்கு நல்லது, கைபேசியில் அலுவலகக் கடிதம்போல் விறைப்பாக இருக்கும். அவரோடு அடிக்கடி பேசுகிறவராக இருந்தால் 尊敬的 கூட வேண்டாம். 王老师，您好！ என்று தொடங்கலாம்.

6. நேரம். சீனா நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. கண்டியில் இரவு 9.30 ஆகும்போது அங்கே நள்ளிரவு. இங்கே பன்னிரண்டு அடிக்கட்டும் என்று காத்திருந்தால், அவர் தலைமாட்டில் 2.30க்குக் கைபேசி கூவும். 春节将至 என்றால் பண்டிகை நெருங்குகிறது என்று பொருள்; ஆகவே இந்த வாழ்த்தை இரண்டொரு நாள் முன்னதாக, மாலையில் அனுப்பிவிடுங்கள். பண்டிகை அன்றே அனுப்பினால் அந்த நாலெழுத்தை எடுத்துவிட்டு 新春快乐 போடுங்கள்.