மூடிய கணக்குக்குப் போன பங்கு ஈவு: புதிய செயலாளர்களுக்கு

பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களில் இது அடிக்கடி வரும் சிக்கல். உறுப்பினர் ஓய்வு பெற்றுச் சம்பளக் கணக்கை மூடிவிடுவார். நம் பட்டியலில் பழைய எண்ணே இருக்கும். அவருடைய பங்குத்தொகை 20,000 ரூபாய், ஈவு 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய் அந்த எண்ணுக்குப் போய்விட்டது.

1. கடிதம் எழுதும் முன் சங்கக் கணக்கின் வரவைப் பாருங்கள். மூடிய கணக்குக்கு நெஃப்ட்டில் போன பணத்தை, அந்தத் தொகுதி தீர்வான இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பற்று மொத்தமாக விழுந்திருக்கும். திரும்பியது தனித்தனியாக வரும். அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது.

2. திரும்பவில்லையென்றால் கணக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள். நெஃப்ட்டில் பணம் வரவாவது எண்ணை வைத்துத்தான். ஓர் இலக்கம் மாறினாலும் வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கலாம். எண் சரியென்றால், கணக்கு மூடப்பட்டதற்கு வங்கி தந்த சான்றை உறுப்பினரிடம் கேட்டு வாங்குங்கள். பல ஆண்டுகள் இயக்காமல் விட்ட கணக்கையும் மூடிய கணக்கு என்றே பலர் சொல்கிறார்கள். அப்படியானால் பணம் அங்கேயே பத்திரமாக இருக்கும். கணக்கை உயிர்ப்பித்து அவரே எடுத்துக்கொள்ளலாம்.

3. கடிதத்தை உறுப்பினரின் வங்கிக்கு எழுதாதீர்கள். சங்கம் கணக்கு வைத்திருக்கும் கிளை மேலாளருக்கு எழுதுங்கள். அனுப்பியவர் நாம், நம் வங்கிதான் பெறும் வங்கியிடம் கேட்க முடியும். “ஆவன செய்யவும்” என்று மட்டும் எழுதி முடிக்கும் கடிதம் மேசையிலேயே கிடக்கும். இப்படி எழுதுங்கள்:

“எங்கள் சங்கக் கணக்கிலிருந்து இந்தத் தேதியில், இந்த யூடிஆர் எண்ணில் அனுப்பிய ரூ.2,000 உறுப்பினரைச் சேரவில்லை. அவருடைய கணக்கு அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது, சான்று இணைத்துள்ளோம். தொகை எந்தக் கணக்கில் வரவானது, அல்லது பெறும் வங்கியின் இடைநிலைக் கணக்கில் நிற்கிறதா என்று எழுத்தில் தெரிவிக்கவும். வரவாகாமல் நின்றிருந்தால், தாமத நாட்களுக்குரிய வட்டியுடன் சங்கக் கணக்குக்குத் திரும்பப் பெற்றுத் தரவும்.”

அந்த வட்டி ரெப்போ விகிதத்துடன் 2 விழுக்காடு சேர்த்தது. தொகை சிறியதானாலும் கேளுங்கள். கேட்டால்தான் தேதிகளைப் புரட்டிப் பார்ப்பார்கள். உறுப்பினர் எண், பங்குத்தொகை, தீர்மான நகல் எதுவும் வங்கிக்குத் தேவையில்லை. கிளை முத்திரையிட்ட நகலைக் கோப்பில் வையுங்கள்.

4. திரும்பி வந்த தொகையை இதர வருமானத்தில் வைக்காதீர்கள். அது உறுப்பினரின் பணம். வழங்க வேண்டிய பங்கு ஈவுத்தொகைத் தலைப்பில், அவர் பெயரிலேயே வரவு வையுங்கள். இதில் தவறினால் அடுத்த செயலாளருக்கு அந்தப் பணம் யாருடையது என்றே தெரியாது.

5. அடுத்த ஈவுப் பட்டியல் போடும் முன், ஓய்வு பெற்ற ஒவ்வொருவரிடமும் புதிய பாஸ்புக் முதல் பக்க நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.